பெறுமானத் தேய்வும் வரிக்குரிய இலாபமும்



சில காலத்துக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். வன்னிப் பகுதியில் நண்பர் இருவருடன் கூடி, சிறியதொரு தனியார் கம்பனியாக அரிசி ஆலை நடத்துபவர் அவர். கையில் ஒரு கணக்குக் கொப்பி, முகத்தில் வாட்டம்.

"ஐயா, நீங்கள் படிப்பித்த முறைப்படியே கணக்கு வைத்தேன். வரி இரட்டிப்பாக வந்திருக்கிறது" என்றார்.

நான் கலைப் பட்டதாரி, கணக்காளன் அல்லேன். எனினும், உயர்தர வகுப்பிற்குக் கணக்கியல் ஆசிரியர் கிடைக்காத ஒரு காலத்தில் அப்பாடத்தை நானே எடுக்க நேர்ந்தது. பெறுமானத் தேய்வைக் கணிக்கும் இரு முறைகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவனும் நானே. ஆகவே அவருடைய கொப்பியை விரித்துப் பார்க்க வேண்டிய கடமை எனக்கு இருந்தது. பார்த்தேன். கூட்டலிலோ கழித்தலிலோ பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அதிற் பாதி அவருடையது, பாதி என்னுடையது. அது யாதென்பதே இன்றைய பேச்சின் பொருள். நேயர்கள் ஒரு பென்சிலும் தாளும் அருகில் வைத்திருப்பின் கணக்கைப் பின்தொடர்வது எளிதாகும்.

முதலில் அடிப்படையைக் கூறிவிடுகின்றேன். ஆலைக்காரர் 10 இலட்சம் ரூபா கொடுத்து ஒரு பொறி வாங்குகிறார். அந்தப் பொறி ஓராண்டில் தீர்ந்துபோகும் பொருளன்று; பல ஆண்டுகள் உழைக்கும். ஆதலால் 10 இலட்சத்தையும் வாங்கிய ஆண்டின் செலவாக எழுதினால் அவ்வாண்டு பெருநட்டமும், அடுத்த ஆண்டுகள் வீங்கிய இலாபமும் தோன்றும். இரண்டும் உண்மையல்ல. எனவே பொறியின் கிரயத்தை அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வோர் ஆண்டின் பங்கையும் அவ்வாண்டின் செலவாக எழுதுகிறோம். அந்தப் பங்கே பெறுமானத் தேய்வு. அதற்காக அந்த ஆண்டில் எவருக்கும் காசு கொடுபடுவதில்லை என்பதை மனதில் இருத்துங்கள். காசு பொறி வாங்கிய அன்றே போய்விட்டது. இப்பொழுது நடப்பது பங்கீடு மாத்திரமே.

பங்கிடுவதற்கு இரண்டு வழிகள் பெருவழக்காக உள்ளன. முதலாவது நேர்கோட்டு முறை. பொறி ஐந்தாண்டு உழைக்கும் என்றால், 10 இலட்சத்தை ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு 2 இலட்சம் வீதம் எழுதுவது. முதலாம் ஆண்டும் 2 இலட்சம். ஐந்தாம் ஆண்டும் 2 இலட்சம். கோட்டுப் படத்தில் வரைந்தால் பொறியின் ஏட்டுப் பெறுமதி வளைவின்றி நேராக இறங்கும். பெயர்க் காரணம் அதுவே.

இரண்டாவது குறைந்து செல்லும் மீதி முறை. இதில் ஆண்டுதோறும் மாறாதிருப்பது தொகையன்று, வீதம். அந்த வீதத்தை முதற் கிரயத்தின் மீதல்லாமல், சென்ற ஆண்டு எஞ்சிய மீதியின் மீது கணிக்க வேண்டும். நேர்கோட்டில் ஐந்தாண்டு என்பது நூற்றுக்கு 20. அதன் இரட்டிப்பான நூற்றுக்கு 40 என்ற வீதத்தைக் கொள்வோம். முதலாம் ஆண்டு 10 இலட்சத்தில் நூற்றுக்கு 40, அதாவது 4 இலட்சம். எஞ்சுவது 6 இலட்சம். இரண்டாம் ஆண்டு அந்த 6 இலட்சத்தில் நூற்றுக்கு 40, அதாவது 2,40,000. எஞ்சுவது 3,60,000. மூன்றாம் ஆண்டு 1,44,000; நான்காம் ஆண்டு 86,400. நான்காம் ஆண்டு முடிவில் எஞ்சி நிற்பது 1,29,600.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. மீதியில் ஒரு பகுதியையே எப்பொழுதும் கழிப்பதால் மீதி ஒருபோதும் சூனியமாகாது. எத்தனை ஆண்டு சென்றாலும் ஒரு சிறு தொகை வால்போல நீண்டுகொண்டே இருக்கும். ஆதலால் கடைசி ஆண்டில் எஞ்சியதை முழுவதுமாக எழுதித் தீர்ப்பது ஒரு வழக்கம். நமது கணக்கிலும் ஐந்தாம் ஆண்டில் 1,29,600 ரூபாவையும் எழுதி முடித்துவிடுவோம். ஐந்து தொகைகளையும் கூட்டிப் பாருங்கள்; சரியாக 10 இலட்சம் வரும். வராவிட்டால் எங்கோ பிழை. மாணவர் பலர் வீதத்தை ஆண்டுதோறும் முதற் கிரயத்தின் மீதே கணித்துவிடுவார்கள். அவ்வாறு செய்தால் மூன்றாம் ஆண்டிலேயே எழுதிய தேய்வு 12 இலட்சமாகிக் கிரயத்தை மிஞ்சிவிடும். பிழையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அதுவே.

இனி, இவ்விரு முறைகளும் இலாபத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்று காண்போம். தேய்வை எழுதுவதற்கு முன் ஆலை ஆண்டுதோறும் 6 இலட்சம் ரூபா சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் கம்பனிகளுக்கான பொது வரி வீதம் 2022 ஒக்டோபர் முதல் நூற்றுக்கு 30. அவ்வீதத்தையே கொள்வோம்.

நேர்கோட்டு முறையில் ஆண்டு இலாபம் 4 இலட்சம். அதன்மேல் வரி 1,20,000. ஐந்தாண்டும் இதே தொகை. மொத்தம் 6 இலட்சம்.

குறைந்து செல்லும் மீதி முறையை வரிச் சட்டம் ஏற்குமானால், முதலாம் ஆண்டு இலாபம் 2 இலட்சம். வரி 60,000 மாத்திரமே. இரண்டாம் ஆண்டு வரி 1,08,000. மூன்றாம் ஆண்டு 1,36,800 ஆக ஏறுகிறது. நான்காம் ஆண்டு 1,54,080. ஐந்தாம் ஆண்டு 1,41,120. இவற்றின் மொத்தமும் அதே 6 இலட்சந்தான்.

இதனை நன்கு கவனியுங்கள். இரு முறையிலும் ஐந்தாண்டு வரியின் மொத்தம் ஒன்றே. முறை மாறியதால் ஒரு சதமேனும் வரி குறையவில்லை. மாறியது காலம். முதலாம் ஆண்டில் 60,000 ரூபாவும், இரண்டாம் ஆண்டில் 12,000 ரூபாவும், ஆக 72,000 ரூபா பிற்பட்ட ஆண்டுகளுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. பின்னைய மூன்றாண்டுகளில் அந்த 72,000 ரூபாவும் திரும்பக் கட்டப்படுகிறது.

அப்படியாயின் பயன் யாது? காலமே பயன். கட்ட வேண்டிய காசு சில ஆண்டுகள் நம் கையில் நிற்கிறது. முதலாம் ஆண்டின் பின் 60,000 ரூபாவும், இரண்டாம் ஆண்டின் பின் 72,000 ரூபாவும், மூன்றாம் ஆண்டின் பின் 55,200 ரூபாவும், நான்காம் ஆண்டின் பின் 21,120 ரூபாவும் ஒவ்வோர் ஆண்டு காலம் நம்மிடம் தங்கும். வங்கிக் கடனுக்கு நூற்றுக்கு 10 வட்டி என்று கொண்டால், அத்தனையளவு கடன் வாங்காதிருந்ததால் மிஞ்சும் வட்டி ஏறத்தாழ 20,800 ரூபா. முறை மாற்றத்தின் உண்மையான ஊதியம் இவ்வளவே. வட்டியில்லாக் கடன் ஒன்றை அரசாங்கம் நமக்குக் கொடுத்தது போன்ற நிலை அது. வரித் தள்ளுபடி அன்று.

இந்த ஊதியத்தை வணிகருக்கு வேண்டுமென்றே கொடுத்த நாடுகளும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1954 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டக்கோவை, நேர்கோட்டு வீதத்தின் இரட்டிப்பு வரையில் குறைந்து செல்லும் மீதி முறையைப் புதிய பொறிகளுக்குக் கைக்கொள்ள இடமளித்தது. நாம் மேலே பார்த்த நூற்றுக்கு 40 என்ற வீதம் அத்தகையதே. புதிய பொறி வாங்குபவரின் கையில் முதலாண்டுகளில் அதிகக் காசு நிற்குமாயின் அவர் மேலும் பொறி வாங்கத் துணிவார் என்பது அதன் உட்கருத்து.

இனி என் மாணவரின் கொப்பிக்கு வருவோம். அவர் செய்தது இதுதான். தம்முடைய பொறி முதலாண்டுகளில் அதிகமாக உழைக்கும், பின்னர் பழுதுபார்க்கும் செலவு கூடும் என்று எண்ணினார். ஆதலால் கம்பனிக் கணக்கில் குறைந்து செல்லும் மீதி முறையைத் தெரிந்தெடுத்தார். அதில் தவறில்லை, பொறியின் இயல்புக்கு அது பொருத்தமான தெரிவே. முதலாம் ஆண்டு இலாபம் 2 இலட்சம் என்று கணக்கு முடித்தார். நூற்றுக்கு 30 வீதம் வரி 60,000 என்று மனக்கணக்குப் போட்டு, அத்தொகையை ஒதுக்கி வைத்தார். மிகுதிக் காசில் நெல் காயவிடும் தளத்தைத் திருத்தினார். வரி விபரத்திரட்டு ஆயத்தஞ் செய்தவர், கட்ட வேண்டியது 1,20,000 என்று கூறியபொழுதுதான் அவருக்குத் தலை சுற்றியது. இன்னும் 60,000 ரூபாவுக்கு எங்கே போவது?

"தம்பி, விபரத்திரட்டுடன் ஒரு கணிப்புத் தாள் இருக்குமே, அதைக் கொண்டு வந்தீரா?" என்று கேட்டேன். கொண்டுவந்திருந்தார். அவர் வாசியாது மடித்து வைத்திருந்த அந்தத் தாளிலேயே விடை இருந்தது.

தாளின் தலைப்பில், கணக்குப்படி இலாபம் 2,00,000 என்றிருந்தது. அதன் கீழே, கணக்கில் எழுதிய பெறுமானத் தேய்வு 4,00,000 கூட்டப்பட்டிருந்தது. இலாபம் மீண்டும் 6 இலட்சமாயிற்று. அதன் பின், வரிச் சட்டம் பொறிக்கென இடங்கொடுக்கும் மூலதனக் கழிவு 2,00,000 கழிக்கப்பட்டிருந்தது. வரிக்குரிய இலாபம் 4,00,000. அதில் நூற்றுக்கு 30, அதாவது 1,20,000.

கம்பனி தன் கணக்கில் எந்த முறையைக் கைக்கொண்டது என்று நமது வரிச் சட்டம் கேட்பதில்லை. கணக்கில் எழுதிய தேய்வை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, தன் சொந்த அளவுகோலால் அளக்கிறது. 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் அந்த அளவுகோல் தரப்பட்டிருக்கிறது. முறை நேர்கோடு. உற்பத்தியில் ஈடுபடும் பொறிகளுக்கு ஐந்தாண்டு, கட்டடங்களுக்கு இருபதாண்டு. வணிகர் தெரிந்தெடுப்பதற்கு அங்கே இடமில்லை.

காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. தேய்வென்பது ஒரு மதிப்பீடு. ஒரே வகையான பொறிக்கு ஒருவர் ஐந்தாண்டு ஆயுள் என்பார். மற்றொருவர் பத்தாண்டு என்பார். இருவரும் நேர்மையாளராகவே இருக்கலாம். அவரவர் மதிப்பீட்டின்படி வரி அறவிடப்புகின், ஒரே வருமானம் உள்ள இருவர் ஒரே ஆண்டில் வெவ்வேறு வரி கட்டுவர். ஆகவே சட்டம் எல்லோருக்கும் பொதுவானதோர் அளவை விதித்துவிட்டது.

நான் வகுப்பில் இரு முறைகளையும் கற்பித்தேன். அவை இலாபத்தை மாற்றும் என்றும் கற்பித்தேன். ஆனால் எந்த இலாபத்தை என்று பிரித்துக் கூறவில்லை. பங்காளிகளுக்குக் காட்டும் இலாபம் ஒன்று. வரிக்குரிய இலாபம் வேறொன்று. முதலாவதனை வணிகர் தெரிந்தெடுக்கும் முறை மாற்றும். இரண்டாவதனைச் சட்டம் விதிக்கும் முறை மாத்திரமே மாற்றும். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாது விட்டமையே என் பாதிப் பிழை. கணிப்புத் தாளை வாசியாது விட்டமை அவர் பாதிப் பிழை.

"அப்படியென்றால் அந்த 60,000 ரூபா நட்டந்தானே ஐயா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். நான்காம் ஆண்டை நோக்குங்கள். அவருடைய கணக்கில் அவ்வாண்டுத் தேய்வு 86,400 மாத்திரமே. இலாபம் 5,13,600 என்று காட்டும். அவருடைய மனக்கணக்கின்படி வரி 1,54,080. ஆனால் சட்டம் அவ்வாண்டும் 2 இலட்சத்தைக் கழித்து, 4 இலட்சத்தின் மீதே வரி கேட்கும். ஆகவே 1,20,000 ரூபாவே கட்டுவார். முன்னைய ஆண்டுகளில் அவர் எண்ணியதற்கு மேலாகக் கட்டியது பின்னைய ஆண்டுகளில் எண்ணியதற்குக் குறைவாகக் கட்டுவதால் ஈடுசெய்யப்படும். கணக்காளர் இத்தகைய தொகையைப் பிற்போடப்பட்ட வரி என்ற தலைப்பில் ஐந்தொகையிற் காட்டுவதும் இதனாலேயே. காசு தொலைந்துவிடவில்லை, எதிர்பாராத காலத்தில் கேட்கப்பட்டது. எதிர்பாராத காலத்தில் கேட்கப்பட்ட காசும் ஒரு சிறு ஆலையை முடக்கிவிடும் என்பது மெய்யே.

அவர் மற்றொரு கேள்வியும் கேட்டார். மூன்றாண்டின் பின் பொறியை விற்றுவிட்டால் என்ன ஆகும்? நல்ல கேள்வி. மூன்றாம் ஆண்டு முடிவில் 3,50,000 ரூபாவுக்கு விற்றார் என்று கொள்வோம். நேர்கோட்டில் அப்பொழுது எஞ்சியிருக்கும் பெறுமதி 4 இலட்சம். விற்றதால் வந்தது அதைவிட 50,000 குறைவு. அந்தக் குறைவை மேலுமொரு கழிவாகச் சட்டம் தருகிறது. குறைந்து செல்லும் மீதி முறையில் எஞ்சியிருப்பது 2,16,000. விற்றதால் வந்தது அதைவிட 1,34,000 அதிகம். அத்தகைய மிகையைச் சட்டம் வருமானத்தோடு கூட்டிவிடும். இப்பொழுது இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். நேர்கோட்டில் மூன்றாண்டுக் கழிவு 6 இலட்சமும், விற்பனைக் குறைவு 50,000 ரூபாவும் சேர்ந்து 6,50,000. மற்ற முறையில் மூன்றாண்டுத் தேய்வு 7,84,000 இல் 1,34,000 போக, அதே 6,50,000. பொறியை 10 இலட்சத்துக்கு வாங்கி 3,50,000 க்கு விற்றவருக்கு அது உண்மையில் விழுங்கிய தொகையும் 6,50,000 தான். முன்கூட்டி அதிகமாகக் கழித்தவர் விற்கும் ஆண்டில் அதனைத் திருப்பிக் கொடுக்கிறார். விற்கும்பொழுது வரும் இந்த வரியை மறந்து, விற்ற காசு முழுவதையும் செலவிட்டு இடருறுவோர் உண்டு.

இவ்வளவும் கேட்டபின், குறைந்து செல்லும் மீதி முறையைச் சட்டம் அனுமதிக்கும் நாட்டில் அதுவே எப்பொழுதும் இலாபமானது என்று நேயர்கள் எண்ணக்கூடும். அதுவும் சரியன்று. அதற்கு இரண்டு காரணங்களைக் கூறுகின்றேன்.

முதலாவது, பெயரைவிட வீதம் முக்கியமானது. அண்டை நாடாகிய இந்தியாவில் வரிக் கணக்குக்குக் குறைந்து செல்லும் மீதி முறையே பொது விதி. ஆனால் பொதுவான பொறிகளுக்கு வீதம் நூற்றுக்கு 15. சிறப்புச் சலுகைகளை ஒதுக்கிவிட்டு நம் 10 இலட்சம் ரூபாப் பொறியை அந்த வீதத்திற் கணித்தால், முதலாம் ஆண்டுக் கழிவு 1,50,000. ஐந்தாண்டில் மொத்தம் ஏறத்தாழ 5,56,000 மாத்திரமே. பத்தாண்டு சென்ற பின்னும் ஏறத்தாழ 1,97,000 எழுதப்படாமல் நிற்கும். நமது நேர்கோட்டு முறையிலோ ஐந்தாண்டில் முழுக் கிரயமும் கழிந்துவிடுகிறது. ஆகவே குறைந்து செல்லும் மீதி முறை விரைவானது, நேர்கோடு மந்தமானது என்று பெயரை மாத்திரம் கொண்டு தீர்மானித்தல் பொருந்தாது. எந்த வீதம், எத்தனை ஆண்டு என்று கேட்ட பின்னரே தீர்மானித்தல் வேண்டும்.

இரண்டாவது, கழிவு பெரிதாயிருப்பினும் அதனைக் கழிப்பதற்கு வரிக்குரிய வருமானம் இருத்தல் வேண்டும். என் மாணவரின் தமையனார் தனியாளாக ஒரு சிறு ஆலை நடத்துகிறார், கம்பனி அல்லர். தனியாட்களுக்கு 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையில் தனியாள் நிவாரணம் உண்டு. அவருக்கு வேறு வருமானம் இல்லை என்றும், பொறிக்கான கழிவுக்கு முன் அவ்வாண்டு இலாபம் 20 இலட்சம் என்றும் கொள்வோம். நேர்கோட்டில் 2 இலட்சம் கழித்தால் 18 இலட்சம். நிவாரணத்தின் பின் வரி இல்லை. சட்டம் இடங்கொடுத்து அவர் 4 இலட்சம் கழித்திருந்தால் 16 இலட்சம். அப்பொழுதும் வரி இல்லை. இல்லாத வரியை மேலும் குறைக்க இயலுமோ? மேலதிகமாகக் கழித்த 2 இலட்சமும் வீண். தொழில் வளர்ந்து நான்காம் ஆண்டில் இலாபம் 25 இலட்சமாகும்பொழுது, நேர்கோட்டுக்காரருக்கு 2 இலட்சம் கழிக்கக் கிடைக்கும். மற்றவருக்கு 86,400 மாத்திரமே மிஞ்சியிருக்கும். இங்கே காலம் மாத்திரமன்று, வரியின் மொத்தமும் மாறிவிடுகிறது. அதுவும் குறைந்து செல்லும் மீதி முறையைக் கைக்கொண்டவருக்குப் பாதகமாக. மொத்தம் மாறாது என்று முன்னர் கூறிய விதி, ஆண்டுதோறும் வரி வீதம் ஒன்றாகவும் இலாபம் போதியதாகவும் இருக்கும்பொழுதே பொருந்தும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆகவே, பொறியோ லொறியோ வாங்கித் தொழில் செய்யும் நேயர்கள் செய்ய வேண்டியது யாது? ஒரே சொத்துக்கு இரண்டு பதிவுகள் வைத்திருங்கள். ஒன்றில், உங்கள் கணக்கின்படி ஆண்டுதோறும் எழுதிய தேய்வும் மீதியும் இருக்கட்டும். மற்றதில், வரிச் சட்டத்தின்படி எடுத்த கழிவும் மீதியும் இருக்கட்டும். பங்காளிகளோடு பேசும்பொழுது முதலாவதைப் பாருங்கள். வரிக்குக் காசு ஒதுக்கும்பொழுது இரண்டாவதைப் பாருங்கள். விபரத்திரட்டுக்கான கணிப்புத் தாள் வந்தவுடன் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: கணக்குத் தேய்வு கூட்டப்பட்ட வரி ஒன்று, மூலதனக் கழிவு கழிக்கப்பட்ட வரி மற்றொன்று. முதலாவது இருந்து இரண்டாவது இல்லையெனின் நீங்கள் அதிக வரி கட்டப்போகிறீர்கள். இரண்டாவது இருந்து முதலாவது இல்லையெனின் ஒரே பொறிக்கு இருமுறை கழித்திருக்கிறீர்கள். அது பின்னர் தண்டத்தோடு திரும்பி வரும்.

இன்னும் ஒன்று. ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் வரிப் பதிவில் அப்பொறியின் மீதி சூனியமாகிவிடும். பொறியோ ஆறாம் ஆண்டும் உறுமிக்கொண்டு ஓடும். அவ்வாண்டில் கழிப்பதற்கு எதுவும் இல்லை. 6 இலட்சம் இலாபம் முழுவதன் மீதும் வரி, அதாவது 1,80,000. ஐந்தாண்டாக 1,20,000 கட்டிப் பழகியவருக்கு இது இடிபோல வந்து விழும். இரண்டாவது பதிவைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அந்த ஆண்டு எப்போது வரும் என்பது பொறி வாங்கிய அன்றே தெரிந்திருக்கும்.

என் மாணவர் அன்று புறப்படும்போது, கொப்பியின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கத்தில் "கணக்கு" என்றும் வலப்பக்கத்தில் "வரி" என்றும் எழுதிக்கொண்டார். 60,000 ரூபாவைப் பங்காளிகள் மூவரும் பகிர்ந்து கட்டியதாகப் பின்னர் அறிந்தேன். வலப்பக்கத்தின் ஆறாம் ஆண்டுக்கு நேரே அவர் சிவப்பு மையால் ஒரு வட்டமும் போட்டிருந்தார்.